வகுப்பறையில் ஒரு கிரீம் டியூப்புக்கு அனுமதி

‘மகளுக்கு ஸ்கின் அலர்ஜி உள்ளது. தயவுசெய்து கவனித்துக்கொள்ளவும்.’ ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மாணவர் டைரியில் இப்படி ஒரு வரி எழுதி அனுப்பும் தாய்மார்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த ஒரு வரி ஆசிரியரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

சென்னைப் புறநகரில் இரண்டாம் வகுப்பு படிக்கும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னத்தில் திட்டுகளாகத் தொடங்கிய எக்ஸிமா, இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் கழுத்திலும் நிலைத்திருக்கிறது. டைரியில் அம்மா எழுதிய அந்த வரியைப் படித்த வகுப்பாசிரியை, மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஜன்னலோரமாகவும் வைத்தார். அது மேற்குப் பார்த்த ஜன்னல். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராகக் கழுத்தில் விழுந்தது. பையில் இருந்த கிரீம் டியூப்பை, அழகுசாதனப் பொருள்களுக்கு அனுமதி இல்லை என்ற விதியின்படி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் சிறுமியின் முழங்கை மடிப்பு வெடித்து, நீர் கசியத் தொடங்கியது.

இதில் அந்த ஆசிரியையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், தனக்குச் சொல்லப்பட்டதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். ‘ஸ்கின் அலர்ஜி’ என்ற சொல் அவருக்கு எதையும் சொல்லவில்லை. ‘கவனித்துக்கொள்ளவும்’ என்றால் எந்த நேரத்தில், எதை, எப்படி என்பதும் தெரியவில்லை. அந்தத் தாய் பிறகு தோல் மருத்துவரிடம் பேசி, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த இரண்டாவது கடிதம் நிலைமையை மாற்றியது. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது, ஏன் இருந்தது, எதை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்பதை விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. அந்தக் கடிதத்தில் உள்ளவற்றைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கொடுப்பதற்குப் பள்ளிக்குப் பெரிய செலவோ சிரமமோ இல்லை.

கடிதத்தின் முதல் பத்தி இது: ‘என் மகளுக்கு இருப்பது அடோபிக் எக்ஸிமா. இது தொற்றாது. தொட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ, பென்சில், தண்ணீர் பாட்டில் பகிர்ந்தாலோ யாருக்கும் வராது.’ 

நோயின் பெயரைச் சொன்ன மூச்சிலேயே அது தொற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. காரணம், பள்ளிகளில் பார்க்கும் மற்ற தோல் நோய்கள் பல தொற்றக்கூடியவை. சிரங்கு தொற்றும், ஒரு குழந்தைக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்க வேண்டும். படர்தாமரை தொற்றும். பிறந்தது முதல் 18 வயது வரையான குழந்தைகளுக்காக 2013இல் மத்திய அரசு தொடங்கிய ‘ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம்’ திட்டம், குழந்தைகளிடம் தேடிக் கண்டறிய வேண்டிய 30 பாதிப்புகளைப் பட்டியலிடுகிறது. அதில் தோல் நோய்கள் என்ற தலைப்பின் கீழ் சிரங்கு, பூஞ்சைத் தொற்று, எக்ஸிமா மூன்றும் ஒன்றாகவே இடம்பெற்றிருக்கின்றன. தேடிக் கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு சரிதான். ஆனால் வகுப்பறையில் இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. முதல் இரண்டிலும் மற்ற பிள்ளைகளுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸிமாவில் தள்ளி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

பார்வைக்கு எப்படித் தெரியும் என்றால், எக்ஸிமா பெரும்பாலும் உடல் மடங்கும் இடங்களில், இரு பக்கமும் ஒன்றுபோல வரும். நம் நிறத்தோலில் அது பளிச்சென்று சிவப்பாகத் தெரியாது. கருத்து, சாம்பல் பூத்து, தடித்துச் சொரசொரப்பாகத் தெரியும். படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து வரும். சிரங்கு விரலிடுக்கில் தொடங்கும்; வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கும். ஆசிரியர் இதையெல்லாம் கண்டுபிடித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அந்தத் தாய், மருத்துவர் கையெழுத்திட்ட இரண்டு வரிச் சான்றையும் கடிதத்துடன் இணைத்தார். ‘தொற்றாது’ என்று அம்மா சொல்வதைவிட மருத்துவரின் முத்திரை சொல்வது மற்ற பெற்றோர்களின் கேள்விகளுக்கு ஆசிரியர் பதில் சொல்ல உதவும்.

அடுத்து, கிரீம். கடிதத்தின் மையமே இதுதான்.

நம் மேல்தோலின் செல்கள் செங்கல்போல அடுக்கப்பட்டவை. அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள் காரைபோல அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. எக்ஸிமா உள்ள குழந்தைக்கு இந்தச் சுவரில் பிறவியிலேயே விரிசல். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் உள்ள குறைபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு கண்டறிந்தது. எல்லா எக்ஸிமாவும் இதனால் வருவதில்லை என்றாலும், உள்ளிருந்து வரும் ஒவ்வாமையாக மட்டுமே பார்க்கப்பட்ட நோயை, தோலின் பாதுகாப்பு ஓட்டையாகிப்போன நோயாகவும் மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கியதில் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. விரிசல் வழியாக உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியே இருக்கும் சோப்பு, தூசி, வியர்வை உப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழைகின்றன. தோல் வறண்டு அரிக்கிறது. சொறிந்தால் விரிசல் பெரிதாகிறது. மறுபடி அரிக்கிறது.

மாய்ஸ்சரைசர் செய்யும் வேலை அந்த விரிசலைத் தற்காலிகமாக அடைப்பது. தற்காலிகமாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு அந்தச் சிறுமி வெதுவெதுப்பான நீரில் குளிக்கிறாள். துண்டால் ஒற்றியெடுத்த கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே, அம்மா உடல் முழுக்க கிரீம் தடவிவிடுகிறார். ஏழரைக்குப் பள்ளி வேன். பத்தே முக்கால் இடைவேளைக்குள், வேனில் வியர்த்தது, சட்டைக் காலர் உரசியது, கைகழுவியது என எல்லாமாகச் சேர்ந்து மடிப்புகளில் பூசியது பெரும்பாலும் போய்விடுகிறது. மதியம் உணவுக்கு முன்னும் பின்னும் கைகழுவுகிறாள். விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளில் இன்னும் வியர்வை. மாலை நான்கரைக்கு வீடு திரும்பும்வரை மறுபடி தடவவில்லை என்றால், பள்ளி நேரத்தில் பாதிக்கு மேல் அந்தத் தோல் பாதுகாப்பின்றிக் கிடக்கிறது. இரவில் அம்மா என்ன மருந்து போட்டாலும் அடுத்த நாள் மதியத்துக்குள் பழைய கதைதான்.

பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு, குழந்தைகளின் எக்ஸிமாவுக்காக 2007இல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதல், மாய்ஸ்சரைசரைத் தாராளமாக, வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரைகூடக் கொடுக்கச் சொல்கிறது. அது பள்ளியிலும் எளிதாகக் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும் என்பதையும் அந்த வழிகாட்டுதல் சேர்த்தே சொல்கிறது. பட்டாணி அளவு எடுத்துப் பளபளப்புக்குத் தடவும் பொருள் அல்ல இது என்பதை அந்த அளவே காட்டிவிடும்.

எனவே கடிதத்தின் இரண்டாம் பத்தி இப்படிப் போகிறது: ‘அவள் பையின் முன் அறையில் பெயர் எழுதிய 100 கிராம் கிரீம் டியூப் இருக்கும். வாசனை சேர்க்காதது. மருந்து இல்லாதது. ஸ்டீராய்டு இல்லாதது. காலை இடைவேளையிலும், மதிய உணவுக்குக் கைகழுவிய பின்பும், விளையாட்டு வகுப்பு முடிந்து வியர்வையைத் துடைத்த பின்பும் அவளே தடவிக்கொள்வாள். வீட்டில் பழக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் ஆகும். இடையில் தாங்க முடியாமல் அரித்தால், வகுப்பு நடக்கும்போதே தன் இடத்தில் உட்கார்ந்தபடி தடவிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். யாரும் உதவ வேண்டியதில்லை.’

இந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றும் பள்ளியின் ஒரு கவலைக்குப் பதில். பல பள்ளிகள் பையில் மருந்து வைத்திருக்க அனுமதிப்பதில்லை; அது நல்ல விதி. அதனால்தான் ஸ்டீராய்டு களிம்பைத் தாய் பள்ளிக்கு அனுப்பவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பு, எக்ஸிமா கிளம்பும் நாட்களில் பெரும்பாலும் தினம் ஒரு முறையோ இரு முறையோ போடுவது. வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். அளவும் முக்கியம்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனி முதல் முதல் ரேகை வரை டியூப்பிலிருந்து பிதுக்கினால் வரும் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்ந்த பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அதை ஏழு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. மாய்ஸ்சரைசர் அப்படிப்பட்டதல்ல. கூடப் போட்டாலும் கேடில்லை. இந்த இரண்டையும் கடிதம் பிரித்துச் சொல்லாவிட்டால், பள்ளி இரண்டையும் ஒரே அலமாரியில் பூட்டும். பூட்டிய அலமாரியின் சாவி அலுவலகத்தில் இருக்கும். அலுவலகம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த வழியில் ஒரு முறை போவாள், இரண்டாம் முறை தயங்குவாள், மூன்றாம் முறை சொறிந்துகொள்வாள்.

அதேபோல் டப்பாவுக்குப் பதில் டியூப் என்று தாய் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. வாய் அகன்ற டப்பாவில் விரல் விட்டு எடுக்கும்போது கிருமி கலக்கும். எக்ஸிமா தோலில் ஏற்கெனவே ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி எளிதாகக் குடியேறும். டப்பாதான் இருக்கிறது என்றால், தினமும் கழுவிய சிறு கரண்டி ஒன்றைச் சேர்த்து அனுப்பலாம். அடுத்து, கிரீமின் கெட்டித்தன்மை. இரவில் அந்தச் சிறுமிக்குப் போடுவது வாசலைன் போன்ற கெட்டியான பாரஃபின் களிம்பு. அதையே சென்னைப் பகல் வெக்கையில் போட்டால் பிசுபிசுத்து, வியர்வை அடைபட்டு, அரிப்பு கூடும்; நோட்டுப் புத்தகத்திலும் எண்ணெய்த் தடம் விழும். பகலுக்கு இலகுவான கிரீம் போதும். தேய்க்கக் கூடாது. மடிப்பில் புள்ளி புள்ளியாக வைத்து, மயிர் வளரும் திசையில் மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துவிட வேண்டும். பரபரவென்று தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சிறு கொப்புளங்கள் வரும். இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்கிறாள். கடிதம் தருவதற்கு முன் வந்த விடுமுறை நாட்களில், காலை பத்தே முக்காலுக்கு அவளாகவே தடவிக்கொள்ளும்படி அந்தத் தாய் வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தார்.

ஒரு எச்சரிக்கையையும் அவர் விடவில்லை. பாரஃபின் கலந்தவை மட்டுமல்ல, பொதுவாக மாய்ஸ்சரைசர் ஊறிக் காய்ந்த துணி எளிதில் தீப்பிடிக்கும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. பள்ளி விழாவில் குத்துவிளக்கு ஏற்ற நிறுத்தப்படும் பிள்ளைகளில் இவளைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார். மேல்வகுப்புப் பிள்ளையாக இருந்தால் ஆய்வகத்தில் பர்னருக்குப் பக்கத்தில் நிற்பதற்கும் இது பொருந்தும்.

மற்ற பிள்ளைகள் கிரீமைக் கேட்டு வாங்கித் தடவிக்கொள்வார்களே என்பது பள்ளி எழுப்பிய கேள்வி. எழுப்ப வேண்டிய கேள்விதான். பாரஃபினும் கிளிசரினும் கலந்த கிரீமை யாரோ ஒரு பிள்ளை தடவிக்கொண்டால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் மாய்ஸ்சரைசர்களில் சிலவற்றில் பாதாம் எண்ணெய், நிலக்கடலை எண்ணெய் இருக்கும். கொட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது வினையாகலாம். எனவே தாய் தேர்ந்தெடுத்த கிரீமில் அவை இல்லை என்பதைக் கடிதத்தில் சேர்த்தார். ‘இது அவளுடைய கண்ணாடி மாதிரி, யாரும் எடுக்கக் கூடாது’ என்று வகுப்பாசிரியை பிள்ளைகளிடம் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது பத்தி, எக்ஸிமாவைக் கிளப்பிவிடும் காரணிகள் பற்றியது. பெற்றோர் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியலில் தூசி, மகரந்தம், பால், முட்டை, கோதுமை, கம்பளி, செல்லப் பிராணி, மன அழுத்தம் எல்லாம் இருக்கும். அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியராலும் பின்பற்ற முடியாது. பின்பற்ற முடியாத கடிதம் கோப்பில் தூங்கும். ‘தெரிந்த காரணிகள்’ என்றால் இந்தக் குழந்தைக்கு, இந்தப் பள்ளியில், கண்ணால் பார்த்து உறுதியானவை. அந்தத் தாய் இரண்டு மாதம் ஒரு காலண்டரில் குறித்து வைத்தார்: எந்த நாள் அரிப்பு கூடியது, அன்று என்ன வகுப்பு, என்ன உடை, எதைத் தொட்டாள். திரும்பத் திரும்ப வந்தவை நான்குதான்.

முதலாவது வியர்வை. விளையாட்டு வகுப்பு இருந்த நாட்களின் மாலையில் கழுத்தும் முழங்கால் மடிப்பும் கிளம்பின. இதற்காக விளையாட்டை நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது குழந்தைக்குச் செய்யும் இன்னொரு தண்டனை. மின்விசிறிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும்; விளையாடி முடித்ததும் கழுத்தையும் கைகால் மடிப்புகளையும் வெறும் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, கிரீம் தடவ ஐந்து நிமிடம் தர வேண்டும். இவ்வளவுதான் கேட்டார். 

இரண்டாவது சீருடை. கழுத்துப் பட்டையும் பாலியஸ்டர் கலந்த சட்டைக் காலரும் உரசும் இடத்தில் பட்டை போட்டதுபோலத் தடிப்பு. உள்ளே பருத்தி பனியன், காலரின் உட்புறத்தில் இருக்கும் லேபிளை வெட்டிவிடுதல், புதுச் சீருடையை இரண்டு முறை துவைத்த பிறகே அணிதல் ஆகியவற்றை வீட்டில் செய்துகொண்டார். பள்ளியிடம் கேட்டது டை கட்டுவதிலிருந்து விலக்கு. சென்னையின் ஜூன் மாதத்தில் எந்த ஏழு வயதுப் பிள்ளைக்கும் டை எதற்கு என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

மூன்றாவது கைகழுவும் இடத்தில் இருந்த வாசனைத் திரவ சோப்பும், வகுப்பு வாசலில் இருந்த சானிடைசரும். வெடித்த தோலில் சானிடைசரின் ஆல்கஹால் பட்டால் நெருப்பாக எரியும். குழந்தை அதற்குப் பயந்து கைகழுவுவதையே தவிர்க்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கென்று ஒரு சிறு பாட்டிலில் சோப்பு கலக்காத கிளென்சர் அனுப்பினார். 

நான்காவது, வகுப்பைப் பெருக்கும்போதும் கரும்பலகை டஸ்டரைத் தட்டும்போதும் எழும் தூசி, அதோடு யோகா வகுப்பின் பொதுப் பாய். டஸ்டர் தட்டும் முறை அவளுக்கு வரும்போது வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டார். பாயின் மேல் விரித்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒரு பருத்தி விரிப்பு அனுப்பினார்.

கடிதத்தில் உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாட்டி வருத்தப்பட்டார். கத்தரிக்காய், கருவாடு என்று கரப்பான் பண்டங்களையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று பள்ளிக்கு எழுதச் சொன்னார். சில குழந்தைகளுக்கு, குறிப்பாகச் சிறு வயதில் கடுமையான எக்ஸிமா உள்ளவர்களுக்கு, முட்டையோ பாலோ காரணமாக இருப்பதுண்டு. ஆனால் அதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். சந்தேகத்தின்பேரில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் எக்ஸிமா அப்படியே இருக்கும், குழந்தையின் எடை குறையும். அதுவரை சாப்பிட்டு ஒன்றும் செய்யாத உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது புதிதாகக் கடும் ஒவ்வாமை கிளம்பிய குழந்தைகளையும் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிறுமியின் காலண்டரில் முட்டை சாப்பிட்ட நாளுக்கும் அரிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. மருத்துவரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எழுதாமல் விட்டது சரியான முடிவு. ஒருவேளை எழுதியிருந்தால், மதிய உணவு நேரத்தில் தோழிகளிடமிருந்து பிரித்து உட்கார வைக்க அதுவே ஒரு காரணமாகியிருக்கும்.

பள்ளி வளாகத்தில் பார்த்தீனியம் வளர்ந்திருந்தால் கதை வேறு. 1950களில் இந்தியாவில் முதலில் தென்பட்டு நாடெங்கும் பரவிய இந்தக் களை, அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முகம், கழுத்து, கை மடிப்பு என்று வெளியே தெரியும் இடங்களிலெல்லாம் தோல் அழற்சியைக் கிளப்பும். காற்றில் பறந்து வரும் துகளே போதும். மைதான ஓரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கும் அந்தச் செடியை, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குவது எந்தப் பள்ளிக்கும் நல்லது. ஆனால் அதைப் பிடுங்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

நான்காவது பத்தி, சொறிவதைப் பற்றியது. ‘சொறியாதே’ என்று சொல்லித் திட்ட வேண்டாம் என்று தாய் கேட்டிருந்தார். அரிப்பு குழந்தையின் கெட்ட பழக்கம் இல்லை. வகுப்பில் எல்லோர் முன்னிலும் பெயர் சொல்லித் திட்டும்போது உடம்பு சூடாகி, வெட்கத்தில் வியர்த்து, அரிப்பு இன்னும் கூடும். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் எழுதியிருந்தார். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அரிக்கும் இடத்தில் வைத்து அழுத்தச் சொல்லலாம். கரும்பலகையைத் துடைக்கவோ நோட்டுகளை எடுத்துக் கொடுக்கவோ சொன்னால் கை வேறு வேலையில் இருக்கும். இவளுக்கோ டஸ்டர் ஆகாது, அதனால் நோட்டுகள்தான். ஆசிரியை இதை உடனே பிடித்துக்கொண்டார். சிறுமியின் விரல் முழங்கைக்குப் போனதும் அவள் பெயரைச் சொல்லாமல், ‘கணக்கு நோட்டையெல்லாம் யார் எடுத்து வைப்பீங்க?’ என்று கேட்கத் தொடங்கினார். ‘நான் மிஸ்’ என்று அவளே எழுந்துவிடுவாள்.

எக்ஸிமா இரவில் அதிகம் அரிக்கும். தூக்கம் கெட்ட மறுநாள் பிள்ளை வகுப்பில் தூங்கி வழிவதும், எரிச்சலோடு இருப்பதும், எழுத்து கிறுக்கலாவதும் இயல்பு. தூங்க வைப்பதற்காகச் சில சமயம் இரவில் தரப்படும் அரிப்பு மருந்தின் மயக்கமும் காலை வரை நீடிக்கும். அப்படிப்பட்ட நாளில் டைரியில் ‘நேற்று தூக்கமில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்புவதாகத் தாய் சொல்லியிருந்தார். அன்று வகுப்புத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அதற்கான காரணம் ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கடைசிப் பத்தி, எப்போது தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது. அரிப்புக்காக அழைக்க வேண்டாம். தோல் மேல் தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, சீழ் வைத்துச் சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாலை வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள் என்று எழுதினார். அதைவிட அவசரமானது இன்னொன்று: எக்ஸிமா உள்ள இடத்தில் ஒரே அளவான சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, அரிப்பைவிட வலி அதிகமாகி, பிள்ளை சோர்ந்து படுப்பது. வாயோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ், எக்ஸிமா தோலில் பரவினால் இப்படி ஆகும். இது மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய நிலை. சில மணி நேரத் தாமதமும் நல்லதல்ல. வகுப்பறையில் இதைப் பார்த்து அம்மை என்று நினைத்து வேப்பிலை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. தாய், தந்தை, பக்கத்து வீட்டு அத்தை என்று மூன்று எண்கள் கீழே இருந்தன.

இந்தக் கடிதத்தைப் பெற்ற பள்ளி என்ன செய்ய வேண்டும்? முதலில், எழுத்தில் ஒரு ‘சரி’. வாய்ச்சொல்லாகத் தலைமையாசிரியர் தந்த அனுமதி, வகுப்பாசிரியை விடுப்பில் போன அன்று செல்லாமல் போய்விடும். அந்தச் சிறுமிக்கும் அதுதான் நடந்தது. மாற்று ஆசிரியர் வந்த நாளில் டியூப் மறுபடி மேசை இழுப்பறைக்குள் போனது. அதன் பிறகே தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஒரு சிறு அட்டை, டியூப்போடு பையில் வைக்கப்பட்டது: ‘இந்த மாணவி வகுப்பில் கிரீம் பயன்படுத்த அனுமதி உண்டு.’ கடிதத்தின் நகல் விளையாட்டு ஆசிரியருக்கும் வேனில் வரும் ஆயாவுக்கும் போனது. ஆயாவுக்கு அதைப் படித்துக் காட்டியது அந்தத் தாயேதான். பிள்ளைகள் ‘ஒட்டிக்கும், அவகூட உக்காராத’ என்று முதலில் பேசத் தொடங்கியது வேனில் என்பதால் அது தேவையாக இருந்தது.

வகுப்பில் மற்ற பிள்ளைகளிடம் சொல்வதா, வேண்டாமா என்பதைச் சிறுமியிடமே கேட்டார்கள். சொல்லலாம், ஆனால் தன்னை முன்னால் நிற்க வைக்கக் கூடாது என்றாள். ஏழு வயதுக்கு அது தெளிவான பதில். ‘சிலருக்குக் கண்ணாடி வேணும், சிலருக்கு இன்ஹேலர் வேணும், சிலரோட தோலுக்கு கிரீம் வேணும், இது ஒட்டாது’ என்று ஆசிரியை பொதுவாகச் சொன்னார். தனி பெஞ்ச் எடுக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், உடல்நலப் பிரச்சினை உள்ள மாணவர்களுக்குத் தேவையான ஏற்பாட்டைச் செய்வதை அரசுப் பள்ளிகளின் கடமையாக்கியிருக்கிறது. அங்கே பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து எழுதும் தனித் திட்டத்தில் கிரீமும் இடம்பெறும். இங்கே ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு ஜூனிலும் தனித்தனியாகப் போராடுகிறார். குழந்தைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, எக்ஸிமா என்று கண்டறிந்து அட்டையில் எழுதும்போதே ‘பள்ளியில் மாய்ஸ்சரைசர் அனுமதிக்கவும்’ என்ற வரியையும் சேர்த்து எழுதினால், எழுதப் படிக்கத் தெரியாத தாயின் பிள்ளைக்கும் அந்த உரிமை கிடைக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிரீம் வாங்கும் செலவும் ஒரு தடை. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் என்றாலும் பள்ளிக்கு மட்டுமே மாதம் ஒரு 100 கிராம் டியூப் தேவைப்படும். வீட்டுத் தேவை அதைப் போலப் பல மடங்கு. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் வெள்ளை பாரஃபினும் திரவ பாரஃபினும் கலந்த எளிய களிம்பைப் பெரிய அளவில் கொடுத்தால் போதும். விலை உயர்ந்த கிரீம்தான் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குழந்தை எரிச்சலின்றித் தடவிக்கொள்ளும் கிரீமே நல்ல கிரீம்.

அந்தத் தாய் கடிதத்தின் மேல் ஓரத்தில் தேதியும் ‘ஆறு மாதத்துக்கு மட்டும்’ என்ற குறிப்பும் எழுதியிருந்தார். பருவம் மாறும்போது காரணிகளும் மாறும். மார்கழியில் வியர்வை குறைந்து வறட்சி கூடும், கிரீம் கெட்டியாக வேண்டியிருக்கும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, புதிய கடிதத்தில் நான்கு காரணிகள் மூன்றாகியிருந்தன. கைகழுவும் இடத்தில் பள்ளியே வாசனையில்லாத சோப்புக்கு மாறிவிட்டதால் அந்த வரியை அவர் அடித்துவிட்டார்.